சென்னையில் பிஜி ஹாஸ்டல் பார்க்கப் போகிறவர்களுக்கு: சாப்பாடு, கேட் நேரம், பாதுகாப்பு, அட்வான்ஸ்

தங்கைக்கு வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் ஹாஸ்டல் தேடிய இரண்டு நாளில் பதினோரு இடம் ஏறி இறங்கினோம். அதற்கு முன்னால் நானே படிக்கும்போது இரண்டு பிஜியில் இருந்திருக்கிறேன், ஒன்றில் எட்டு மாதம், இன்னொன்றில் ஒன்றரை வருஷம். முதல் இடத்தில் அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அந்தக் கடுப்பில் கற்றுக்கொண்டதைத்தான் தங்கைக்குப் பார்க்கும்போது பயன்படுத்தினேன். அவள் காலி செய்தபோதும் சண்டை வந்தது, ஆனால் இந்தத் தடவை கையில் ஆதாரம் இருந்தது. பெண்கள் ஹாஸ்டலை வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். பையன்களுக்கும் சாப்பாடு, அட்வான்ஸ் பகுதி அப்படியே பொருந்தும்.

எப்போது போய்ப் பார்ப்பது

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அப்பா அம்மாவோடு போவார்கள். அன்றைக்கு மாடிப்படி கழுவியிருக்கும், பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், பாத்ரூம் காலியாக இருக்கும், மத்தியானம் சிக்கன் என்பதால் சமையலறையில் இருந்து நல்ல வாசம் வரும். அந்த ஹாஸ்டல் வாரத்திலேயே அழகாக இருக்கிற நேரம் அது.

வார நாளில், செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள், ராத்திரி 7.45-க்குப் போங்கள். எல்லோரும் கல்லூரி முடிந்து வந்திருப்பார்கள், சாப்பாட்டு வரிசை இருக்கும், கேட் மூடும் நேரம் நெருங்கியிருக்கும், தண்ணீர் வருகிறதா இல்லையா என்பது பக்கெட்டோடு நிற்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும். "நைட்ல யாரையும் உள்ளே விட மாட்டோம்" என்று சொன்னால் அது நியாயமான பதில்தான். அப்பா வெளியே நிற்கட்டும், சேரப்போகிற பெண்ணும் அம்மாவும் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். அதற்கும் முடியாது என்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

இன்னொரு தடவை, முடிந்தால், மாதக் கடைசியில் போங்கள், 29, 30 தேதி வாக்கில். அப்போதுதான் காலி செய்கிறவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு இருப்பார்கள். அங்கேயே இருக்கப்போகிற பெண்ணிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், வார்டன் காதில் விழுமோ என்று "ஓகே அக்கா" என்பாள், அவள் மேல் தப்பில்லை. காலி செய்கிற பெண்ணிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உனக்கு முன்னாடி உன் ரூமில் இருந்து போனவங்களுக்கு எவ்வளவு பிடிச்சாங்க, எத்தனை நாள் கழிச்சுக் கொடுத்தாங்க?" எந்த ஹாஸ்டலிலும் இந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியும். யாரையும் பார்க்க முடியவில்லை என்றால் கூகுள் மேப்பில் அந்த இடத்தின் விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, "அட்வான்ஸ்" என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள். ஒரே வாரத்தில் பத்து பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால், சேரும்போது வைஃபை பாஸ்வேர்டு கேட்டவர்களிடம் "முதல்ல ரிவ்யூ போடும்மா" என்று வாங்கியதாக இருக்கலாம். என்னிடமே அப்படி வாங்கினார்கள்.

சாப்பாடு

சுவரில் மாட்டியிருக்கிற மெனுவைப் படித்துப் பிரயோஜனம் இல்லை. எல்லா ஹாஸ்டலிலும் திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல், புதன் சப்பாத்தி குருமா என்றுதான் இருக்கும். அதை உங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற ஒருவரிடம் "நேத்து நைட் என்ன? முந்தாநாள்?" என்று மூன்று நாளைக்குக் கேளுங்கள். மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும், மூன்றுமே வேறு என்றால் மெனு சும்மா மாட்டி வைத்தது.

அப்புறம், காசு கொடுத்து ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அறுபது எழுபது ரூபாய்க்குக் கொடுப்பார்கள், சில இடத்தில் காசே வாங்க மாட்டார்கள். ஆனால் முதல் பந்தியில் சாப்பிடாதீர்கள். டின்னர் நேரம் 7.30 முதல் 9 என்றால் 8.40-க்குத் தட்டை எடுங்கள். அந்த நேரத்தில் பொரியல் இருக்கிறதா, சாம்பாரில் தண்ணீர் ஊற்றி நீட்டியிருக்கிறார்களா, சப்பாத்தி தீர்ந்துபோய் "சாதம் இருக்கு சாப்பிடுமா" என்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் லேப் முடிந்து, இரண்டு பஸ் மாறி வருகிற உங்கள் பிள்ளை தினமும் சாப்பிடப்போவது அந்த 8.40 சாப்பாட்டைத்தான். நாங்கள் பார்த்த பதினோரு இடத்தில் இந்த ஒரு சோதனையிலேயே நான்கு கழிந்துபோனது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மிச்சம் கொட்டும் வாளியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதில் பாதிக்கு மேல் சாதமாக இருந்தால் அங்கே யாரும் சாப்பிடவில்லை, வெளியே வாங்கித்தான் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் மாத வாடகையோடு இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

காலை நேரம்தான் பலரும் கேட்க மறப்பது. எட்டு மணிக்கு வகுப்பு என்றால் ஏழு மணிக்காவது கிளம்ப வேண்டும், அப்போது டிபன் ரெடியா, மத்தியானத்துக்கு டப்பாவில் கட்டிக்கொண்டு போக முடியுமா? "7.30-க்கு ரெடி ஆயிடும்" என்றால் உங்களுக்குக் காலை டிபனும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை, ஆனால் மூன்று வேளைக்கும் காசு கட்டுகிறீர்கள். தங்கையின் ஹாஸ்டலில் டிபன் ஏழரைக்குத்தான், ஆனால் முதல் நாள் ராத்திரியே பேர் எழுதி வைத்தால் ஆறே முக்காலுக்குத் தயிர்சாதமோ எலுமிச்சை சாதமோ கட்டித் தருவார்கள். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பொங்கல், தீபாவளி லீவில் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டால் எத்தனை நாள் சமையல் இருக்காது என்றும் கேட்டு வையுங்கள். பரீட்சைக்குப் படிக்க அங்கேயே தங்குகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி.

சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சமைத்து விற்கிறவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வைத்திருக்க வேண்டும், அது 14 இலக்க எண். "இருக்கு, ஆஃபீஸ்ல இருக்கு" என்றால் எண்ணைக் கேட்டு எண்ணிப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர் ஆர்ஓ மெஷின் என்றால் அதில் சர்வீஸ் தேதி எழுதி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கேன் தண்ணீர் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் சீலும் இருக்கிறதா, இல்லை பழைய கேனில் குழாய்த் தண்ணீரா என்று பாருங்கள்.

கேட் எத்தனை மணிக்கு மூடும், எத்தனை மணிக்குத் திறக்கும்

ராத்திரி மூடும் நேரத்தை எல்லோரும் கேட்கிறார்கள், ஒன்பதோ ஒன்பதரையோ சொல்வார்கள். காலையில் திறக்கும் நேரத்தை யாரும் கேட்பதில்லை. மதுரை, நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் இருந்து ராத்திரி ரயிலோ பஸ்ஸோ ஏறி வருகிற பிள்ளைகள் விடியும் முன்னாலேயே தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்குவார்கள். நான் முதலில் இருந்த பிஜியில் கேட் ஆறு மணிக்குத்தான் திறக்கும். தீபாவளி முடிந்து ஊரில் இருந்து வந்து, நான்கே முக்காலில் இருந்து ஆறு மணி வரை இரண்டு பையோடு தெருவில் நின்றேன், கூட இரண்டு நாய். உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்வதற்காகப் போட்ட பூட்டு, வெளியே நிற்கிறவளுக்கு என்ன பத்திரம் தரும் என்று வார்டனிடம் கேட்டதற்கு, "ரூல்ஸ்மா" என்றார். அதனால் நேரடியாகக் கேளுங்கள்: "காலை 4.30-க்கு வந்தால் யார் கேட் திறப்பார்கள், முன்கூட்டிச் சொன்னால் போதுமா?" வாட்ச்மேன் இருக்கிற இடத்தில் இது பிரச்சினையே இல்லை.

தாமதமானால் என்ன நடக்கும் என்பதை உதாரணம் சொல்லிக் கேளுங்கள். கல்லூரி விழா முடிந்து பத்து மணிக்கு வந்தால்? மழையில் பஸ் மாட்டிக்கொண்டால்? நல்ல பதில் என்பது இதுதான்: முன்னால் போன் செய்ய வேண்டும், நாங்கள் அம்மா அப்பாவுக்குப் பேசி உறுதி செய்வோம், நோட்டில் கையெழுத்து, உள்ளே விட்டுவிடுவோம். "லேட்டா வந்தா உள்ளே விட மாட்டோம்" என்று ஒரு இடத்தில் பெருமையாகச் சொன்னார்கள், கூட வந்த ஒரு அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண்ணை வெளியே நிறுத்துவது எப்படிக் கட்டுப்பாடு ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. அபராதம் உண்டென்றால் எவ்வளவு, அது அட்வான்ஸில் இருந்து பிடிக்கப்படுமா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நூறு இருநூறாகச் சேர்ந்து கடைசி மாதத்தில் ஒரு தொகையாக வந்து நிற்கும்.

பூட்டு, தீ, கேமரா

கேட் பூட்டிய பிறகு சாவி யாரிடம் இருக்கிறது? பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்துப் பெண்கள் இறந்துபோனார்கள். சென்னையில் பல பிஜி, தனி வீடாகக் கட்டியதைத் தடுப்பு போட்டு ஹாஸ்டலாக மாற்றியதுதான். ஒரே மாடிப்படி, அதன் அடியில் சிலிண்டர், பக்கத்தில் வாஷிங் மெஷின், எல்லா ஜன்னலுக்கும் கம்பி, கீழே கேட்டுக்குப் பூட்டு, சாவி வார்டன் தலையணைக்கு அடியில். மாடிக்கு ஏறிப் போய் மொட்டை மாடிக் கதவு திறந்திருக்கிறதா பாருங்கள், துணி காயப்போடும் இடம் எங்கே என்று கேட்டால் கூட்டிப் போவார்கள். ராத்திரியில் அந்தக் கதவையும் பூட்டுவார்களா, மாடியில் தூங்குகிற யாரிடமாவது ஒரு சாவி இருக்குமா? தீயணைப்பு சிலிண்டர் சிவப்பாகத் தொங்கினால் மட்டும் போதாது, அதில் கடைசியாக நிரப்பிய தேதி ஒட்டியிருக்கும், அதைப் படியுங்கள்.

உரிமம் பற்றி: தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் சட்டம் வந்தது. அதன்படி தனியார் பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். "கலெக்டர் லைசென்ஸ் இருக்கா, பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். விண்ணப்பித்திருக்கிறோம் என்று பலர் சொல்வார்கள், அப்படியென்றால் இன்னும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமம் இருந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஆனாலும் நாளைக்கு ஒரு பிரச்சினை என்று மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போனால் அந்த இடம் அவர்கள் பட்டியலில் இருக்குமா இருக்காதா என்பது பெரிய வித்தியாசம்.

சிசிடிவி வாசலிலும் வராண்டாவிலும் இருக்கலாம், பார்க்கிற திரை யார் அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். மறைத்து வைக்கிற கேமரா வேறு விஷயம். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியை நடத்தியவரே கேமராக்களை ஒளித்து வைத்துப் பிடிபட்டார், அங்கே தங்கியிருந்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். சேர்ந்த முதல் நாள் லைட்டை அணைத்துவிட்டு போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்ப் ஹோல்டர், பயன்படாத ஸ்விட்ச் பாக்ஸ், பாத்ரூம் வென்டிலேட்டர், துணி மாட்டும் கொக்கி என்று மெதுவாகப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் சின்னப் புள்ளியாக மின்னும். இது நூறு சதவீத சோதனை இல்லை, நன்றாக மறைத்திருந்தால் தெரியாது. அதனால் ஆள் இல்லாதபோது "ரிப்பேர்" என்று யாராவது அறைக்குள் வந்து போனால் அன்றைக்கு மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

பணம் கொடுக்கும் நாள்

அட்வான்ஸ் என்று ஒரு மாத வாடகையோ பத்தாயிரமோ கேட்பார்கள். ஜிபேயில் அனுப்புங்கள், குறிப்பில் "ஹாஸ்டல் அட்வான்ஸ், திரும்பத் தர வேண்டியது" என்று எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: அட்வான்ஸ் எவ்வளவு, அதில் மெயின்டனன்ஸ் என்று கண்டிப்பாகப் பிடிப்பது எவ்வளவு, நோட்டீஸ் எத்தனை நாள், காலி செய்து எத்தனை நாளில் மிச்சம் வரும். கடைசி இரண்டும் அச்சடித்த ரசீதில் பெரும்பாலும் இருக்காது, பேனாவால் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அவர்கள் சொன்னதையே வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பி, "சரிதானே மேடம்?" என்று கேளுங்கள். ஒரு கட்டைவிரல் வந்தாலும் போதும்.

நோட்டீஸில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "ஒரு மாதம்" என்பது 30 நாளா, இல்லை ஒன்றாம் தேதியில் இருந்து தொடங்குகிற முழு மாதமா? இரண்டாவது என்றால் நீங்கள் மூன்றாம் தேதி சொன்னாலும் அடுத்த மாதம் முழுக்கக் காசு கட்ட வேண்டிவரும்.

அதே நாளில், பை வைப்பதற்கு முன்னால், மெத்தையின் இரண்டு பக்கம், கட்டில் கால், அலமாரிக் கதவு, சுவர், ஃபேன், ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து வார்டனுக்கு அனுப்பிவிடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போனோடு போய்விடும். ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம், அசல் மார்க் ஷீட் எதையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். மாத பில்லில் ஜிஎஸ்டி சேர்த்தால் கேள்வி கேளுங்கள்: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு உள்ளே இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், 2024 ஜூலையில் இருந்து அந்தத் தங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

காலி செய்த மாதம்: தங்கையின் கணக்கு

நான்கு பேர் ஷேரிங், சாப்பாட்டோடு மாதம் 7,500. அட்வான்ஸ் 10,000. ரசீதில் மெயின்டனன்ஸ் 2,000, நோட்டீஸ் ஒரு மாதம் என்று இருந்தது. படிப்பு முடிந்து மே 31 காலி செய்வதாக ஏப்ரல் 29 அன்றே வார்டனிடம் வாயால் சொல்லிவிட்டு, நான் சொன்னேன் என்பதற்காக வாட்ஸ்அப்பிலும் அனுப்பினாள்: "மேடம், நான் மே 31 காலி செய்கிறேன். இன்றைய தேதி ஏப்ரல் 29. இதை ஒரு மாத நோட்டீஸாக எடுத்துக்கொள்ளவும்." நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

மே 31 அன்று கொடுத்த கணக்கு இது. மெயின்டனன்ஸ் 2,000. கரண்ட் 600. மெத்தையில் கறை, 900. நோட்டீஸ் லேட்டாகக் கொடுத்ததால் அரை மாத வாடகை 3,750. மொத்தம் 7,250 போக, கைக்கு 2,750.

அங்கேயே நின்று சத்தம் போட வேண்டாம், கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றேன். எழுதிக் கொடுத்தார்கள், அதுதான் உதவியது. மெயின்டனன்ஸ் பற்றி நாங்கள் பேசவே இல்லை, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. நோட்டீஸுக்கு ஏப்ரல் 29 மெசேஜை நீல டிக்கோடு படம் எடுத்து அனுப்பினோம், உடனே "சரி பார்க்கிறோம்" என்று இறங்கினார்கள். மெத்தைக்கு, சேர்ந்த நாள் எடுத்த வீடியோவில் அதே கறை அதே மூலையில் இருந்தது. கரண்டுக்கு அறையின் சப்-மீட்டர் கணக்கைக் கேட்டோம்: 140 யூனிட், யூனிட்டுக்கு அவர்கள் வாங்குவது 10 ரூபாய், 1,400-ஐ நான்கு பேருக்குப் பிரித்தால் 350. சும்மா ரவுண்டாக 600 போட்டிருந்தார்கள்.

ஆக 2,350 போக 7,650 வர வேண்டும். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் "புதுப் பொண்ணு சேர்ந்ததும் தரோம்" என்றார்கள். இது எல்லா இடத்திலும் சொல்கிற வசனம். நம் காசைச் செலவழித்துவிட்டார்கள், அடுத்தவள் அட்வான்ஸில் இருந்துதான் நமக்கு வரும். ஜூன் 10 வரை பொறுத்துவிட்டு, தொகை, காரணம், வங்கி எண், "ஜூன் 25-க்குள் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்போம்" என்று ஒரு மெசேஜும், அதையே பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். காசு கொடுத்து வாங்குகிற சேவை என்பதால் அங்கே போகலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். நாங்கள் அதுவரை போக வேண்டி வரவில்லை. ஜூன் 14-இல் 5,000 வந்தது, மிச்சம் 2,650 ஜூன் 26-இல், சொன்ன தேதிக்கு ஒரு நாள் கழித்து.

கடைசி மாத வாடகை கட்டாமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வார்டன் எழுத்தில் சம்மதித்தால் செய்யுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை. சம்மதிக்காமல் நீங்களாகக் கட்டாமல் விட்டால், பரீட்சை நேரத்தில் சாப்பாட்டை நிறுத்துவது, பெட்டியை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது என்று போகும், அதைப் பக்கத்து அறையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் கடைசியில் வாடகையும் கட்டி, "லேட் ஃபீஸ்" என்று இன்னொரு ஐநூறும் கட்டிவிட்டுத்தான் பெட்டியை எடுத்துப் போனாள்.